அத்தியாயம் 9: "மூன்று மாதம் எதற்கு?" – கிளையன்ட்டுக்கு எழுத வேண்டிய கடிதம்

சோஷியல் மீடியா வேலையைத் தனியாளாக எடுத்துச் செய்கிறவர்களுக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். "லைக் எல்லாம் வருதுங்க. ஆர்டர்தான் வரலை. இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று கிளையன்ட் கேட்பார். மாதப் பணம் கொடுக்கும் தேதி நெருங்குகிறது. வீட்டிலோ கடையிலோ யாரோ அவரிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு ஃபோனில் சமாதானம் சொன்னால் அடுத்த வாரம் அதே கேள்வி மீண்டும் வரும். சிறிய கடைகளில் செலவு பற்றிய முடிவை ஒருவர் மட்டும் எடுப்பதில்லை. அப்பா, தம்பி, கணக்கு எழுதுபவர் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்தே எடுக்கிறார்கள். நீங்கள் ஃபோனில் சொன்னது அவர்கள் காதுக்குப் போகும்போது பாதிதான் மிஞ்சும். எழுதிக் கொடுத்தால் முழுதாகப் போகும்.

ஆனால் பெரும்பாலான ஃப்ரீலான்சர்கள் இந்தக் கடிதத்தில் இன்ஸ்டாகிராமைப் பற்றி எழுதுகிறார்கள். அல்காரிதம் நம்மைப் புரிந்துகொள்ள நாளாகும், தொடர்ந்து போட்டால்தான் ரீச் வரும் என்று எழுதுகிறார்கள். கிளையன்ட்டுக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை, எனவே நம்பவும் வழியில்லை. மூன்று மாதம் என்ற கணக்கு அவருடைய வியாபாரத்திலிருந்தே வர வேண்டும். அவருடைய வாடிக்கையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறார், வாரம் எத்தனை புது ஆள் வருகிறார், ஒருவர் வந்தால் என்ன மிஞ்சுகிறது ஆகிய மூன்றும் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதை வைத்துப் பேசினால் அவரே கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

இந்த அத்தியாயத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காங்கேயம் பக்கம் செக்கு வைத்திருக்கும் குடும்பம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆட்டுகிறார்கள். கடையிலும் விற்பனை உண்டு. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கிப் பார்சலும் அனுப்புகிறார்கள். ஜூன் முதல் தேதி உங்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள். மாதம் ₹12,000 சம்பளம். கீழே வரும் தொகைகளும் எண்ணிக்கைகளும் இந்த உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கிளையன்ட்டுக்கு அவருடைய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

முதலாவது, வாங்கும் இடைவெளி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று நான்கு லிட்டர் எண்ணெய் செலவாகும். பெரும்பாலான வீடுகளில் அதை மாதத் தொடக்கத்து மளிகையோடு வாங்கிவிடுவார்கள். பத்தாம் தேதி நம் வீடியோவைப் பார்த்து ஒருவருக்கு ஆசை வந்தாலும் அவர் வீட்டு அடுப்படியில் ஏற்கனவே எண்ணெய் இருக்கிறது. அடுத்த மாதம்தான் ஒரு லிட்டர் வாங்கிப் பார்ப்பார். பிடித்திருந்தால் அதற்கும் அடுத்த மாதம் ஐந்து லிட்டர் கேன் கேட்பார். பார்ப்பது, முயன்று பார்ப்பது, திரும்ப வாங்குவது என்ற மூன்றும் மூன்று மளிகைச் சீட்டுகளில் நடக்கின்றன. இந்தக் கடைக்கு மூன்று மாதம் வேண்டும் என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது, வேலை தொடங்குவதற்கு முந்தைய 12 வாரக் கணக்கு. மொத்த விற்பனை வேண்டாம். வாரா வாரம் முதன்முறையாக வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் வேண்டும். ஆர்டர் நோட்டும் வாட்ஸ்அப்பும் இருந்தால் உட்கார்ந்து எண்ணிவிடலாம். மார்ச் முதல் மே வரை 60 புது ஆட்கள், அதாவது வாரத்துக்குச் சராசரி 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 பேரில் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்பதையும் எண்ணுங்கள். இங்கே 24 பேர், பத்துக்கு நான்கு. எண்ணும் காலத்தில் தீபாவளி வந்திருந்தால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களைக் கழித்துவிடுங்கள். பலகாரத்துக்காக ஒரே ஒரு முறை வாங்கியவர்கள் அந்தக் கணக்கை ஊதிப் பெரிதாக்கிவிடுவார்கள். அதோடு ஒப்பிட்டால் உங்கள் நல்ல மாதமும் மோசமாகத் தெரியும்.

மூன்றாவது, லிட்டருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது. இதைச் சொல்லக் கிளையன்ட் தயங்கலாம். "தோராயமாகச் சொன்னால் போதும், உங்கள் செலவு எப்போது திரும்பும் என்று பார்க்கத்தான்" என்று சொல்லுங்கள். இங்கே ₹60 என்று வைப்போம்.

இதோடு, ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று தெரிய ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும். இன்ஸ்டாகிராம் பயோவில் வெறும் ஃபோன் நம்பர் போடாமல் இப்படி ஒரு லிங்க் கொடுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=INSTA
```

இதைத் தொட்டு வருபவரின் வாட்ஸ்அப்பில் INSTA என்ற சொல் அனுப்பத் தயாராக நிற்கும். அவர் அதை அப்படியே அனுப்பினால் கேட்காமலே தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அவருக்கு ஒரு லேபிள் போட்டு வைத்தால் இரண்டாம் முறை வாங்கினாரா என்பதும் பின்னால் தெரியும். அந்தச் சொல்லை அழித்துவிட்டு எழுதுபவர்களும், நேராகக் கடைக்கு வருபவர்களும் இதில் மாட்ட மாட்டார்கள். அதனால்தான் லிங்க் கணக்கோடு மொத்தப் புது ஆட்கள் கணக்கும் தேவைப்படுகிறது.

கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். மூன்று வாரமாக லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பணம் போடுகிறீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அப்பாவும் படிக்க வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

உங்களிடம் எண்ணெய் வாங்கும் வீடுகள் மாதம் ஒருமுறைதான் வாங்குகின்றன. ஜூனில் நம் வீடியோவைப் பார்த்தவர் ஜூலை மளிகையில் ஒரு லிட்டர் வாங்கிப் பார்ப்பார். பிடித்தால் ஆகஸ்டில் கேன் கேட்பார். உங்களுக்கு லாபம் முதல் லிட்டரில் இல்லை, திரும்ப வருவதில்தான் இருக்கிறது. ஒருவர் திரும்ப வருகிறாரா என்று தெரிய மூன்று மாதம் ஆகும். அதற்கு முன்னால் நான் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. மார்ச் முதல் மே வரை உங்களுக்கு வாரம் சராசரி 5 புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வாரம் 2, இன்னொரு வாரம் 8 என்று இருக்கும். அப்போது நான் வேலைக்கு வரவே இல்லை. ஆகவே இந்த வாரம் 8 பேர் வந்தால் அது என் வேலை என்று நான் சொல்ல முடியாது. 3 பேர்தான் வந்தார்கள் என்றால் என் வேலை வீண் என்றும் சொல்ல முடியாது. 12 வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். அங்கே 60 என்பது 100ஐத் தாண்டினால் அது தற்செயல் இல்லை.

மூன்று மாதமும் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

ஜூன்: வாரம் மூன்று பதிவு, மொத்தம் 12. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது 4, செக்கில் நடப்பதைக் காட்டுவது 4, சமையல் 4. இந்த மாதம் விற்பனைக்கு இலக்கு வைக்கவில்லை. எந்த வகையைப் பார்த்துவிட்டு ஆட்கள் நமக்கு எழுதுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் ஜூன் மாத வேலை.

ஜூலை: மூன்றில் சரியாகப் போகாத வகையை நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் ஆறு ஆறாகப் போடுவோம். ஜூனில் அதிகம் விசாரணை கொண்டுவந்த வீடியோவை எடுத்து, ஒரு நாளைக்கு ₹200 விளம்பரம் தொடங்குவோம். விசாரிக்க வருபவருக்கு ஒரு லிட்டர் பாட்டிலை முன்னால் வைப்போம்.

ஆகஸ்ட்: ஜூலையில் ஒரு லிட்டர் வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதத் தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் எழுதுவோம். விளம்பரம் தொடரும். புதியவர்கள் எத்தனை பேர், திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டையும் தனித்தனியாக எண்ணுவோம்.

செலவுக் கணக்கு இது. என் சம்பளம் மூன்று மாதத்துக்கு ₹36,000. விளம்பரம் இரண்டு மாதத்துக்குச் சுமார் ₹12,000. மொத்தம் ₹48,000. மாதம் 4 லிட்டர் வாங்கும் ஒரு வீட்டிலிருந்து உங்களுக்கு மாதம் ₹240, வருடத்துக்கு ₹2,880 மிஞ்சுகிறது. அப்படியானால் வழக்கத்தைவிடக் கூடுதலாக 17 வீடுகள் ஒரு வருடம் தொடர்ந்தால் போட்ட பணம் திரும்பிவிடும். உங்கள் நோட்டுப்படி பத்துப் பேர் வந்தால் நான்கு பேர் திரும்ப வருகிறார்கள், அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் விடாமல் வாங்குகிறார்கள். எனவே 12 வாரத்தில் 60க்குப் பதிலாக 105 புது ஆட்கள் வர வேண்டும். அதில் கூடுதலான 45 பேரில் 18 பேர் நிற்பார்கள். என் இலக்கு இதுதான். இந்தப் பணம் ஆகஸ்ட் முடிவிலேயே கைக்கு வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வரும் வேகத்தில் நாம் போகிறோமா என்பதுதான் ஆகஸ்ட் முடிவில் தெரியும்.

எப்போது நிறுத்தலாம் என்பதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். ஜூன் முடிவில், எந்த வகைப் பதிவு விசாரணை கொண்டுவருகிறது என்று என்னால் காட்ட முடியாவிட்டால் விளம்பரப் பணத்தைக் கேட்க மாட்டேன். ஜூலையின் நான்கு வாரத்தில் புது ஆட்கள் 28ஐத் தொடவில்லை என்றால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுவோம். ஆகஸ்ட் முடிவில் மொத்தம் 80க்குக் கீழே இருந்தால் என் வேலையால் மாற்றம் வந்தது என்று நானே சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம். 105ஐத் தொட்டால் தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்று செப்டம்பரிலேயே திட்டமிட நேரம் இருக்கும்.

உங்களிடம் இரண்டு உதவி வேண்டும். முதன்முறை வாங்குபவர் பெயருக்கு நேராக நோட்டில் ஒரு குறி போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் கேள்வி வந்தால் அன்றைக்கே பதில் போக வேண்டும். மறுநாள் போனால் அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார்.

ஒவ்வொரு மாதமும் கடைசி நாளன்று ஒரு பக்க அறிக்கை அனுப்புகிறேன். சந்தேகம் இருந்தால் அப்பாவும் சேர்ந்தே கூப்பிடுங்கள்.

அன்புடன்,
(உங்கள் பெயர்)

கடிதம் இப்படி அமைந்ததற்குக் காரணம்

முதல் பத்தியில் கேள்வியை நியாயமென்று ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான். "இது எல்லாருக்கும் வரும் சந்தேகம்" என்று எழுதினால் அவரைச் சின்னவராக்கியதுபோல் இருக்கும்.

2, 8 என்ற ஏற்ற இறக்கம் பற்றிய பத்தி கடிதத்தின் முதுகெலும்பு. சின்ன எண்ணிக்கைகள் காரணமே இல்லாமல் ஆடும். சராசரி 5 என்றால் தனி வாரங்கள் 1 முதல் 9 வரை எங்கும் நிற்கலாம். நான்கு வாரத்தைக் கூட்டி 20க்குப் பதில் 30 வந்தாலும் அது தற்செயலாக இருக்க இடமுண்டு. பன்னிரண்டு வாரத்தில் 60க்குப் பதில் 90 வந்தால் தற்செயல் என்று சொல்வது கடினம். இரண்டு இடத்திலும் ஒன்றரை மடங்கு உயர்வுதான். ஆனால் எண்ணிக்கை பெரிதாகும்போது அதை நம்ப முடிகிறது. கடிதத்தில் 28, 80 என்று வைத்த கோடுகளும் இதிலிருந்தே வந்தவை. அவற்றைக்கூடத் தொடாவிட்டால், வழக்கமான ஆட்டத்தைத் தாண்டி ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்ல இடமில்லை. வாரம் 200 புது ஆட்கள் வரும் கடைக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அங்கே இரண்டு மூன்று வாரத்திலேயே மாற்றம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவரிடம் இதைச் சொல்லி மூன்று மாதம் கேட்டால் அவர் சிரிப்பார்.

ஜூன் மாதத்தில் வகைக்கு நான்கு பதிவு என்பது மிகக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கில் ஒன்று மட்டும் எகிறிப்போனால் சராசரி ஏமாற்றும். சமையல் வீடியோக்களின் ரீச் 400, 500, 600, 14,000 என்று இருந்தால் சராசரி 3,875. ஆனால் அந்த வகையில் சாதாரணமாக ஒரு பதிவு 500, 600 பேரைத்தான் எட்டுகிறது. அந்த ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற மூன்றைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, பதிவு வெளியான இரண்டு மூன்று நாளில் வாட்ஸ்அப்பில் வந்த விசாரணைகளை அதோடு சேர்த்துப் பாருங்கள். எண்ணெய்க் கடையில் அழகான சமையல் வீடியோவுக்கு லைக் குவியும். அதைப் பார்த்தவர் தன் வீட்டு எண்ணெயிலேயே அதைச் சமைத்துவிடுவார். "பாட்டிலுக்கு அடியில மண்டி நிக்குதே, கலப்படமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வீடியோவுக்கு லைக் குறைவாக இருக்கும். ஆட்டிய எண்ணெயைப் பாத்திரத்தில் ஊற்றி வெயிலில் வைப்பது, கசடு மெல்ல அடியில் இறங்குவது, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுப்பது, அப்படியும் கொஞ்சம் கசடு பாட்டிலுக்கு வந்துவிடுவது என்று முழுதும் காட்டினால், அதைப் பார்த்தவர் விலை கேட்டு எழுதுவார். விலை ஏன் அதிகம் என்பதும் அப்படித்தான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும் என்பதை, தராசில் நிறுத்துச் செக்கில் கொட்டிக் காட்டினால் விலை தானே புரிந்துவிடும்.

விளம்பரத்தை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளியதற்கும் காரணம் இதுவே. எந்த வீடியோவுக்குப் பின்னால் பணம் போட வேண்டும் என்பது ஜூன் மாதம் தெரியாது. தொடங்கிய பிறகும் பொறுமை வேண்டும். ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைபெறுவதற்கு, நீங்கள் கேட்ட பலன் ஒரு வாரத்துக்குள் சுமார் 50 முறை நடக்க வேண்டும் என்பது மெட்டா நிறுவனம் சொல்லும் கணக்கு. வாட்ஸ்அப் உரையாடல் தொடங்குவதை நீங்கள் பலனாகத் தேர்ந்தெடுத்தால், ஒரு நாளைக்கு ₹200, வாரத்துக்கு ₹1,400 செலவில் அந்த 50 கிடைக்க ஓர் உரையாடலுக்கு ₹28க்கு மேல் ஆகக்கூடாது. அதற்கு மேல் ஆனால் திரையில் Learning limited என்று காட்டும். அப்போது பணத்தை நான்கு விளம்பரத் தொகுப்பாகப் பிரிக்காமல் ஒன்றிலேயே வையுங்கள். தினமும் படத்தை மாற்றுவதும், ஊரை மாற்றுவதும், தொகையைத் தடாலென்று ஏற்றி இறக்குவதும் கற்றலை முதலிலிருந்து தொடங்க வைக்கும். கிளையன்ட் இரண்டாம் நாளே "ஆர்டர் இல்லையே, மாத்துங்க" என்று சொல்லும்போது காட்ட வேண்டிய காரணம் இது. கடிதத்தில் இதை எழுத வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள்.

நிறுத்தும் கோடுகளை எழுதத்தான் பலரும் பயப்படுகிறார்கள். கையில் இருக்கும் மூன்று மாத வேலையை நாமே பறிகொடுப்பதா என்று தோன்றும். நடப்பது வேறு. எப்போது நிறுத்தலாம் என்று தெரிந்த கிளையன்ட் நடுவில் பதறுவதில்லை. கோடு இல்லாதபோது ஒவ்வொரு மந்தமான வாரமும் அவருக்கு நிறுத்தச் சொல்லும் வாரமாகிவிடுகிறது.

கடிதத்தில் வரக்கூடாதவை

விதை போட்டால் முளைக்க நாளாகும் என்பது போன்ற உவமைகள் வேண்டாம். பணம் கொடுத்தவருக்கு அது சாக்காகத்தான் கேட்கும்.

ஃபாலோயர் எண்ணிக்கையை இலக்காக எழுதாதீர்கள். எழுதினால் இரண்டாம் மாதம் யாராவது ஒருவர், நீங்களோ கிளையன்ட்டோ, ஃபாலோயரை விலைக்கு வாங்கலாம் என்று நினைப்பார். வாங்கியிருந்தால் கண்டுபிடிப்பது எளிது. இன்சைட்ஸில் ஃபாலோயர்களின் ஊர்ப் பட்டியலைத் திறந்தால், பார்சல் போகாத நாட்டு நகரங்கள் மேலே நிற்கும். ஃபாலோயர் பல ஆயிரம் ஏறியிருக்கும். பதிவுகளின் ரீச் அப்படியே கிடக்கும் அல்லது குறைந்திருக்கும்.

அவசரத்தில் செய்யப்படும் இன்னொரு தவறு மருத்துவம் பேசுவது. "இந்த எண்ணெயில் சமைத்தால் சர்க்கரை குறையும், அடைப்பு நீங்கும்" என்று ஒரு ரீல்ஸ் போட்டால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் பகிர்வார்கள். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் ₹10 லட்சம் வரை அபராதம் உண்டு. அந்த அபராதம் கிளையன்ட்டின் மேல் வந்து விழும். விற்பனை இலக்கு இல்லாத ஒரு முதல் மாதத்தைக் கடிதத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்வதால், இப்படிப்பட்ட குறுக்கு வழியைத் தேட வேண்டிய நெருக்கடி உங்களுக்கு வராது.

மூன்று மாதம் பொருந்தாத வேலைகள்

எல்லா வேலைக்கும் இதே கடிதத்தை அனுப்பக்கூடாது. தீபாவளிப் பலகார ஆர்டர் எடுக்கும் வீட்டுச் சமையல்காரருக்குப் பண்டிகைக்கு முந்தைய சில வாரம்தான் வியாபாரம். அவருக்குத் தேவை ஒரு நல்ல விலைப்பட்டியலும், சுற்று வட்டாரத்துக்குள் ஓடும் விளம்பரமும்தான். கண்காட்சி, புத்தக வெளியீடு, பயிற்சி வகுப்பு போன்ற தேதி குறித்த வேலைகளும் அப்படியே. மறுபுறம், வீட்டுமனை விற்பவருக்கும் மாடுலர் கிச்சன் செய்பவருக்கும் மூன்று மாதம் போதாது. அங்கே வாங்குபவர் மாதக்கணக்கில் யோசிப்பார், ஒரே முறைதான் வாங்குவார். அவர்களிடம் மூன்று மாதத்துக்கு விற்பனையை இலக்காக வைக்காமல், நேரில் வந்து பார்த்தவர்கள், விலைக்குறிப்பு கேட்டவர்கள் எத்தனை பேர் என்று வையுங்கள். காலத்தை நிர்ணயிக்கும் வழி ஒன்றுதான்: அந்தப் பொருளை ஒருவர் பார்த்து, வாங்கி, திரும்ப வரவோ அடுத்தவருக்குச் சொல்லவோ எத்தனை நாளாகும் என்று கேளுங்கள். அதைவிடக் குறைவான காலத்தில் முழுப் பதிலும் தெரியும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடிதம் போன பிறகு

கடிதத்தை அனுப்பிவிட்டு ஒரு நாள் விட்டுக் கூப்பிடுங்கள். சில கிளையன்ட்கள் "மூணு மாசம் முடியாது, ஆறு வாரம் பார்க்கலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளலாம், ஆனால் ஆறு வாரத்தில் எதற்குப் பதில் தெரியும், எதற்குத் தெரியாது என்பதை எழுதி வாங்குங்கள். எந்தப் பதிவு விசாரணை கொண்டுவருகிறது என்பது ஆறு வாரத்தில் தெரியும். வாங்கியவர் திரும்ப வருவாரா என்பது தெரியாது. அது தெரியாமலே முடிவெடுக்க அவர் சம்மதித்தால் அது அவர் உரிமை. சம்பளத்தை மூன்று மாதத்துக்கும் முன்பணமாகக் கேட்காதீர்கள். நிறுத்தும் கோடு வைத்துவிட்டு மொத்தப் பணத்தையும் வாங்கினால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமில்லை. மாதா மாதம் வாங்குங்கள்.

மாத அறிக்கையில் நான்கு வரி போதும்: வேலைக்கு முந்தைய வாரச் சராசரி, இந்த மாதப் புது ஆட்கள், INSTA என்று வந்தவர்கள், இரண்டாம் முறை வாங்கியவர்கள். ரீச், சேவ், ஷேர் எல்லாம் உங்கள் வேலைக்குத் தேவையான அளவுகள்; அவற்றை நீங்கள் தனியாகக் குறித்து வையுங்கள். இன்ஸ்டாகிராம் செயலியில் கணக்கின் மொத்த விவரம் கடைசி 90 நாளுக்குத்தான் கிடைக்கும் என்பதால், மாதம் முடிந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செப்டம்பர் முடிவில் ஒப்பிட ஜூன் இருக்காது.

ஆகஸ்டில் வந்த புது ஆட்கள் திரும்ப வந்தார்களா என்பது செப்டம்பர் மளிகையில்தான் தெரியும். அப்போது உங்கள் ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் ஒருமுறை கூப்பிட்டு அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலை நீடித்தால் அடுத்த மூன்று மாதத் திட்டத்தின் முதல் வரி அதுதான். நீடிக்காவிட்டால், அடுத்த கிளையன்ட்டுக்கு இதே கடிதத்தை எழுதும்போது எவ்வளவு காலம் கேட்பது என்பதை அந்த எண் சொல்லும்.